எது முதலில் தீரும்?

காரீய நைட்ரேட் கரைசலையும் பொட்டாசியம் அயோடைடு கரைசலையும் கலந்தால் மஞ்சள் நிறத்தில் காரீய அயோடைடு வீழ்படிவாகும். இரண்டும் 0.1 மோலார் கரைசல்கள் என்று கொள்வோம். முன்னதில் 50 மி.லி., பின்னதில் 80 மி.லி. எடுத்துக் கலந்தால் எது முதலில் தீரும்? கேட்டவுடன் பலரும் காரீய நைட்ரேட் என்பார்கள். அளவில் குறைந்தது அதுதானே! ஆனால் உண்மையில் தீர்வது அயோடைடுதான்.

Pb(NO₃)₂ + 2KI → PbI₂ + 2KNO₃

இச்சமன்பாட்டில் உள்ள அந்த ‘2’ என்னும் எண்ணில்தான் விடை இருக்கிறது. ஒரு கதவுக்கு இரண்டு கீல்கள் வேண்டும். தச்சனிடம் 50 கதவுகளும் 80 கீல்களும் இருந்தால் 40 கதவுகளையே மாட்ட முடியும். பத்துக் கதவுகள் சும்மா கிடக்கும். இங்கும் அதே கணக்குத்தான். காரீய நைட்ரேட் 0.005 மோல், அயோடைடு 0.008 மோல். அயோடைடில் பாதி, அதாவது 0.004 மோல் காரீயமே வினைபுரியும், 0.001 மோல் மிஞ்சும். ஆகவே அயோடைடே கட்டுப்படுத்தும் வினைபொருள். காரீய அயோடைடின் மூலக்கூறு எடை 461. எனவே வீழ்படிவின் எடை 0.004 × 461 = 1.844 கிராம்.

இதைச் செய்தும் பார்க்கலாம். வடிநீரை இரு சோதனைக் குழாய்களில் எடுத்து, ஒன்றில் அயோடைடையும் மற்றொன்றில் காரீய நைட்ரேட்டையும் சில துளிகள் விடுங்கள். முதற்குழாயில் அடர்ந்த மஞ்சள் தோன்றும். மிஞ்சியது காரீயம் என்பதற்கு அதுவே சான்று. இரண்டாவதில் இலேசான கலங்கல் தெரிந்தால் குழம்ப வேண்டாம். காரீய அயோடைடு நீரில் சிறிதளவு கரையும் பொருள். வடிநீரில் சிறிது அயோடைடு எப்போதும் தங்கியிருக்கும்.

இந்தக் கரைதிறன்தான் எடையிலும் விளையாடுகிறது. வடிநீரோடு சுமார் 0.03 கிராம் போய்விடும். கழுவும்போது இழப்பு இன்னும் கூடும். குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கழுவினால் பெரிய நட்டமில்லை. அழுக்குப் போகட்டும் என்று கொதிநீரை ஊற்றினால் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 0.4 கிராம் கரைந்து ஓடிவிடும். அந்த நீர் ஆறும்போது பொன் துகள்கள் போன்ற படிகங்கள் மின்னி இறங்கும் காட்சி அழகானதுதான், எடை பார்ப்பவனுக்கு மட்டும் ஆகாது! மாறாக, எடை 1.844 கிராமுக்கு மேல் வந்தால் வடிதாள் இன்னும் ஈரமாக இருக்கிறது, அல்லது பொட்டாசியம் நைட்ரேட் சரியாகக் கழுவப்படவில்லை என்று கொள்ளலாம். காரீயம் நச்சுப் பொருளாதலால் வடிநீரைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் புட்டியில் சேர்க்க வேண்டும்.

அயோடைடை 100 மி.லி. ஆக்கினால் இரண்டும் சரியாகத் தீர்ந்து, கணக்குப்படி 2.305 கிராம் கிடைக்கும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் அந்த எடை கூடாது. அடர்த்தி மிகுந்த அயோடைடு கரைசலை மிகையாக ஊற்றினாலோ, வந்த வீழ்படிவே அணைவுச் சேர்மமாகி மீண்டும் கரையத் தொடங்கிவிடும்.