கயிற்றில் வைக்கும் கல்

சித்திரவதைக்கு உள்ளாகி, இன்று இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மேட்டூர்ச் சாலையில் பூட்ஸ் ஒலி கேட்டாலே அவர் உடல் நடுங்கும். அச்சம் நினைவில் தங்கிவிட்டது. அது எங்கே, எப்போது நிகழ்ந்தது என்பது அதனோடு இணையவில்லை. அவ்விணைப்பை உண்டாக்குவதே கதையுரை வெளிப்பாட்டுச் சிகிச்சை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் தமிழ்ச் சிறாருக்கு இம்முறையில் சிகிச்சை அளித்தனர்.

முதல் அமர்வில் ஒரு கயிற்றை விரித்து, பிறப்பு முதல் இன்று வரையிலான நல்லவற்றுக்குப் பூவும் துயரங்களுக்குக் கல்லும் வைக்கச் சொல்வோம். அன்று பெயரும் காலமும் போதும், விவரம் கேட்பதில்லை. அடுத்த அமர்வுகளில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 நிமிடம், வாழ்வை வரிசையாகச் சொல்வார். கல் வந்ததும் வேகத்தைக் குறைத்து, அன்று கண்டது, கேட்டது, உடல் உணர்ந்தது ஆகியவற்றைக் கேட்போம். இப்போது உடலில் என்ன நிகழ்கிறது என்றும் இடையிடையே கேட்போம். அச்சம் உச்சத்தில் இருக்கையில் நிறுத்துவது தவறு. அது தணிந்து, அந்நிகழ்வு முடிந்த வேளைவரை கதை சென்றாக வேண்டும். எழுதி வைத்ததை மறு அமர்வில் படித்துக் காட்டி, அவரே திருத்துவார்.

பார்வை நிலைகுத்தி, பதில் நின்றால் அவர் கதை சொல்லவில்லை. அந்த அறைக்கே திரும்பிவிட்டார். உடனே பாதங்களைத் தரையில் அழுத்தச் செய்து, இன்றைய தேதியையும் இடத்தையும் சொல்ல வைக்க வேண்டும். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பின் முதலில் அதற்கே சிகிச்சை.

அமர்வு நடந்த இரவில் உறக்கம் குலையலாம். வீட்டார் கதையைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம், அருகில் இருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே அழைத்து வாருங்கள்.