பூவா தலையா போட்டு முடித்த நாவல்

முதல் அத்தியாயத்தில் எல்லாம் ஒழுங்காகவே தொடங்குகிறது. 1867, மார்ச் மாதக் கடைசி. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூர். கடலுக்குள் வளைந்து நீளும் பழைய கல்சுவரின் மேல் ஓர் இளம் ஜோடி நடந்து போகிறது. சுவரின் கோடியில் கறுப்பு உடையில் ஒரு பெண் கடலைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறாள். வாக்கியங்கள் நீளமாக, அவசரமே இல்லாமல், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களின் நடையில் போகின்றன. அந்தக் கல்சுவரின் வளைவுகளை வர்ணிக்கும்போது கதைசொல்லி அதை மைக்கலாஞ்சலோவின் சிற்பத்தோடு ஒப்பிடுகிறார். கூடவே ஹென்றி மூரின் சிற்பத்தோடும்.

ஹென்றி மூர் பிறந்ததே 1898-இல்தான். 1867-இல் நடக்கும் கதைக்குள் அவர் எப்படி வந்தார்? முதல் தடவை படித்தபோது நான் இதைக் கவனிக்கவே இல்லை. கவனிக்காமல் தாண்டிப் போகும்படி வைப்பதில்தான் ஜான் ஃபவுல்ஸின் சாமர்த்தியம் இருக்கிறது. 1969-இல் வெளிவந்த அவருடைய 'தி ஃபிரெஞ்ச் லெப்டினன்ட்ஸ் வுமன்' நாவல் முழுக்க இப்படிப்பட்ட சிறு ஊசிகள் கிடக்கின்றன. பின்நவீனத்துவம் என்றாலே புரியாத எழுத்து என்று ஒதுங்குகிறவர்கள் தைரியமாகத் தொடங்கக்கூடிய புத்தகம் இது. மேலாகப் பார்த்தால் நல்ல காதல் கதை. (கதை எப்படி முடிகிறது என்று இந்தக் கட்டுரையில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. படிக்க எண்ணியிருப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.)

இரண்டு சொற்களை முதலில் பிரித்துவைத்துக்கொள்வோம். பகடி என்றால் என்ன என்று 'தமிழ்ப்படம்' பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சைக்கிள் பெடல் சுற்றுவதற்குள் சிறுவன் வளர்ந்து கதாநாயகன் ஆகிவிடும் வழக்கத்தை அந்தப் படம் அப்படியே எடுத்துச் சற்று மிகைப்படுத்திக் காட்டியது, நாம் சிரித்தோம். பாஸ்டிஷ் அதற்குப் பக்கத்து வீடு. ஒரு காலத்தின், அல்லது ஓர் எழுத்தாளரின் பாணியைக் கிண்டல் தொனி இல்லாமல் அச்சாக எழுதிக் காட்டுவது அது. இரண்டையும் பிரித்தறிய நான் வைத்திருக்கும் சோதனை எளியது. ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துப் பழைய நாவல் ஒன்றுக்குள் செருகினால் ஒட்டிக்கொள்கிறதா? ஒட்டினால் பாஸ்டிஷ். எங்கோ ஓரிடத்தில் துருத்திக்கொண்டு நின்றால், அந்தத் துருத்தலில் பகடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபவுல்ஸின் முதல் அத்தியாயத்திலிருந்து ஹென்றி மூரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அநேகமாக பாஸ்டிஷ்.

கதை இதுதான். சார்லஸ் ஸ்மித்சன் வசதியான குடும்பத்து வாலிபன், டார்வினைப் படித்தவன், கரையோரப் பாறைகளில் புதைபடிவங்கள் பொறுக்குகிறவன். பெரிய துணிக்கடை முதலாளியின் மகளான எர்னஸ்டினாவோடு அவனுக்கு நிச்சயமாகியிருக்கிறது. கடலைப் பார்த்து நிற்கும் பெண் சாரா. பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி ஒருவனிடம் ஏமாந்து கைவிடப்பட்டவள் என்று ஊர் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறது. சார்லஸ் அவள் பக்கம் மெல்லச் சரிகிறான்.

கெட்டுப்போனவளாக ஊர் ஒதுக்கிய பெண், நிச்சயதார்த்தத்துக்கும் ஆசைக்கும் நடுவே தவிக்கும் கனவான், அவனுடைய துடுக்கான வேலைக்காரன் சாம், பக்தி வேஷம் போடும் கொடுமைக்காரக் கிழவி மிசஸ் போல்ட்னி. எல்லாருமே விக்டோரியா காலத்து நாவல்களில் நாம் ஏற்கெனவே பார்த்த முகங்கள். அத்தியாயத் தலைப்புகளில் டென்னிசன், ஆர்னல்ட், ஹார்டி, டார்வின், மார்க்ஸ் என்று மேற்கோள்கள். அதுவும் அந்தக் காலத்து வழக்கம்தான். 'மூலதனம்' முதல் தொகுதி வெளியானதும் இதே 1867-இல் என்பது தற்செயலாக இருக்காது. ஆனால் தன் காலத்தைப் பற்றி இந்தப் பாத்திரங்களுக்குத் தெரியாததெல்லாம் கதைசொல்லிக்குத் தெரியும். 1846-இல் பிறந்த எர்னஸ்டினா ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்த அன்று செத்துப்போனாள் என்று ஐந்தாம் அத்தியாயத்திலேயே போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். அட்டையும் கவுனுமாக நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் திடீரென்று தொண்ணூற்று மூன்று வயதாகிவிடுகிறது.

இதெல்லாம் சிறு கிள்ளல். அறை பதின்மூன்றாம் அத்தியாயத்தில் விழுகிறது.

பன்னிரண்டாம் அத்தியாயம் தொடர்கதை பாணியில் ஒரு கேள்வியோடு முடிகிறது: சாரா யார், எந்த இருளிலிருந்து வருகிறாள்? மாதப் பகுதிகளாக நாவல் வெளிவந்த காலத்தில் வாசகரை அடுத்த மாதம் வரை கட்டிப்போட இப்படித்தான் நிறுத்துவார்கள். பக்கத்தைப் புரட்டினால் கதைசொல்லி எனக்குத் தெரியாது என்கிறார். இந்தக் கதை முழுவதும் கற்பனை, இந்த மனிதர்கள் என் மனத்துக்கு வெளியே இருந்ததே இல்லை என்கிறார். ஒரு புகார் வேறு. சார்லஸை நேரே லைம் ஊருக்குத் திரும்பச் சொன்னாராம். அவனோ கேட்காமல் பால்பண்ணைப் பக்கம் இறங்கிப் போய்விட்டானாம்.

கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் வாசகரோடு பேசுவது ஃபவுல்ஸ் கண்டுபிடித்த புதுமை என்று நினைத்தால் தவறு. அதுவும் பழைய வழக்கம். ஜார்ஜ் எலியட் 1859-இல் எழுதிய 'ஆடம் பீட்' நாவலில் பதினேழாம் அத்தியாயம் முழுக்க இப்படித்தான். கதையை நிறுத்தி, நான் மனிதர்களை இருக்கிறபடியேதான் காட்டுவேன், மெருகேற்ற மாட்டேன் என்று வாதாடுவார். தாக்கரே 'வேனிட்டி ஃபேர்' நாவலின் முடிவில் தன் பாத்திரங்களைப் பொம்மைகளாகப் பெட்டிக்குள் போட்டு மூடுவார். எலியட் குறுக்கே வந்து பேசியது, சொல்வது உண்மை என்று வாசகரை நம்பவைக்க. ஃபவுல்ஸ் அதே இடத்தில், அதே தொனியில், அதே மரியாதையோடு குறுக்கே வந்து, எல்லாம் பொய் என்கிறார். கருவி அவர்களுடையது, வேலை நேர்மாறு. இந்த நாவலின் பகடியை ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

முதல் பன்னிரண்டு அத்தியாயங்களில் பாஸ்டிஷ் எதற்கு என்பதும் இங்கே விளங்கும். நம்பவைக்காமல் நம்பிக்கையை உடைக்க முடியாது. நடை கொஞ்சம் போலியாக இருந்திருந்தால் பதின்மூன்றாம் அத்தியாயம் வெறும் குறும்பாக முடிந்திருக்கும். நன்றாக ஏமாந்த பிறகு அடிபடுவதால் வாசகருக்கு வலிக்கிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது. அப்போது அவர் ஃபவுல்ஸை மட்டுமா சந்தேகிக்கிறார்? பாத்திரங்களின் மனத்துக்குள் புகுந்து எல்லாம் தெரிந்தவர்போல் பேசிய பழைய கதைசொல்லிகள் எல்லாருமே சந்தேகத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

இதைப் பற்றி விமர்சகர்களிடையே ஒரு வழக்கு உண்டு. நம் காலத்தில் பகடி செத்துவிட்டது, மிஞ்சியது உணர்ச்சியற்ற பாணி நகல்தான், வரலாறு அதில் வெறும் உடுப்பாகிவிட்டது என்பது 1980-களில் ஃபிரெட்ரிக் ஜேம்சன் வைத்த குற்றச்சாட்டு. லிண்டா ஹட்சியன் மறுத்தார். விலகி நின்று திரும்பச் சொல்வதே பகடி, அதில் கேலி மட்டுமல்ல, மரியாதையும் கலந்திருக்கலாம் என்றார். ஃபவுல்ஸின் நாவலும் அவருடைய சான்றுகளில் ஒன்று. இந்த நாவல் வரையில் நான் ஹட்சியன் கட்சி. விக்டோரியா காலத்து நாவலை நேசிக்காத ஒருவரால் இத்தனை பக்கம் இப்படி எழுதியிருக்க முடியாது.

இனி முடிவுகள். மொத்தம் அறுபத்தோரு அத்தியாயங்கள். நாற்பத்து நான்காவதிலேயே நாவல் முடிந்துவிடுகிறது. சார்லஸ் சாராவை மறந்து எர்னஸ்டினாவை மணக்கிறான், பிள்ளைகள் பிறக்கின்றன, வேலைக்காரன் சாம் கணக்கும் தீர்க்கப்படுகிறது. மிசஸ் போல்ட்னி இறந்து சொர்க்க வாசல் வரை போய் அங்கிருந்து கீழே தள்ளப்படுகிறாள். கடைசி அத்தியாயத்தில் நல்லவருக்குப் பரிசும் கெட்டவருக்குத் தண்டனையும் பங்கு வைக்கும் பழைய வழக்கம் இங்கே மளிகைக்கடைப் பட்டியல்போல ஓடி முடிகிறது. ஆனால் வாசகரின் வலது கையில் இன்னும் நிறையப் பக்கங்கள் கனக்கின்றன. அடுத்த அத்தியாயத்தில், இதெல்லாம் ரயிலில் வரும்போது சார்லஸ் மனத்தில் ஓட்டிப் பார்த்த கற்பனை என்று தெரிகிறது.

உண்மையில் அவன் எக்ஸெட்டரில் இறங்கி சாராவைத் தேடிப் போகிறான். அவளோடு இருந்த பிறகுதான் பிரெஞ்சுக்காரன் கதையே அவள் கட்டியது என்று அவனுக்குப் புரிகிறது. ஊர் நம்பிய, சார்லஸ் நம்பிய, நாமும் நம்பிய சோகக் கதை பொய். அந்த வகையில் சாராவும் ஒரு நாவலாசிரியைதான். பிறகு அவள் காணாமல் போகிறாள். அவன் நிச்சயத்தை முறித்துக்கொண்டு தேடுகிறான்.

ஐம்பத்தைந்தாம் அத்தியாயத்தில் அவன் ஏறிய ரயில் பெட்டியில் எதிரே தாடிக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து, தூங்கும் சார்லஸையே உற்றுப் பார்க்கிறார். அவர்தான் ஆசிரியர். இவனை என்ன செய்வது என்று யோசிக்கிறார். இரண்டு முடிவுகளையும் எழுதிவிடலாம்; ஆனால் எது கடைசியில் வருகிறதோ அதையே வாசகர் நிஜ முடிவாக எடுத்துக்கொள்வார். அச்சுப் புத்தகத்தில் இரண்டு முடிவுகளை ஒரே நேரத்தில் வைக்க வழி இல்லை. எனவே சட்டைப்பையிலிருந்து ஒரு ஃப்ளாரின் காசை எடுத்து, கட்டைவிரலால் சுண்டி, இரண்டடி உயரம் எழுப்பி, இடது கையில் பிடிக்கிறார்.

அறுபதாம் அத்தியாயத்தில் சார்லஸ் லண்டனில் ஓவியர் ரொசெட்டியின் வீட்டில் சாராவைக் கண்டுபிடிக்கிறான், தன் குழந்தையையும் பார்க்கிறான், கூடிவிடுகிறார்கள். அறுபத்தொன்றில் அதே தாடிக்காரர் வெளியே நின்று கைக்கடிகாரம் அல்ல, பையிலிருந்த கடிகாரத்தைக் கால்மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிறார். அதே சந்திப்பு மறுபடி நடக்கிறது. இந்தத் தடவை சார்லஸ் தனியாக வெளியேறுகிறான். இதெல்லாம் விளையாட்டு என்று தோன்றினால், டிக்கன்ஸை நினைத்துக்கொள்ளலாம். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் சோக முடிவை மாற்றி எழுதியவர் அவர். பழைய நாவலிலும் இரண்டு முடிவுகள் இருந்திருக்கின்றன. ஒன்றை மட்டுமே வாசகருக்குக் காட்டினார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. விக்டோரியா மனிதர்களின் பாலுறவு வாழ்க்கை பற்றிய முப்பத்தைந்தாம் அத்தியாயம் வகுப்பறைப் பாடமாகிவிடுகிறது. நூறு வருடம் கழித்துப் பிறந்ததையே சாதனையாகக் கருதும் தோரணை அங்கே எட்டிப் பார்க்கிறது. பாத்திரங்களுக்கு விடுதலை கொடுத்துவிட்டேன் என்று சொல்லும் ஆசிரியர் சாராவின் மனத்துக்குள் மட்டும் கடைசிவரை நம்மை விடுவதில்லை. அவளை ஆண்களின் கண்வழியேதான் பார்க்கிறோம். அதுவும் பழைய நாவலின் சொத்துதான். அதைப் பகடி செய்ய அவருக்குத் தோன்றவில்லை.

1981-இல் இதைப் படமாக்கியபோது ஹெரால்ட் பின்ட்டர், இந்தக் கதையைப் படம் பிடிக்கும் நடிகர்களின் காதலையும் திரைக்கதையில் சேர்த்தார். மெரில் ஸ்ட்ரீப், ஜெரமி அயன்ஸ் இருவருக்கும் இரட்டை வேடம். பழைய ஜோடி சேர்கிறது, புதிய ஜோடி பிரிகிறது. இரண்டு முடிவுக்கும் இடம் கிடைத்துவிட்டது. பழைய நாவலோடு நடந்த சண்டை மட்டும் திரைக்கு வெளியே நின்றுவிட்டது.

அந்தக் காசுக்கு வருவோம். பூவும் தலையும்தான் வரிசையைத் தீர்மானித்தது என்பதற்கு ஆசிரியரின் வார்த்தையைத் தவிர நமக்குச் சாட்சி இல்லை. எல்லாம் பொய் என்று பதின்மூன்றாம் அத்தியாயத்திலேயே சொன்னவர் அவர். அது கைக்குள் விழுந்தபோது மேலே இருந்தது பூவா, தலையா என்று நாவலில் சொல்லவும் இல்லை.