மும்மூன்றாய்க் கட்டிய இருமம்

அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் 1965-இல் வெளியிட்ட பி.டி.பி-8 என்னும் சிறு கணிப்பொறியின் முகப்பில் பன்னிரண்டு விசைகள் ஒரு வரிசையாய் அமைந்திருந்தன. ஒவ்வொரு விசையும் ஒரு நிலையில் சுழியத்தையும் மறு நிலையில் ஒன்றையும் குறித்தது. அப்பொறியின் நினைவகத்தில் ஒரு சொல் என்பது பன்னிரண்டு இரும இலக்கங்களின் தொகுதி. நினைவகத்தில் நிரல் ஏதும் இல்லாத பொறிக்குத் துளைநாடாவைப் படிக்கக்கூடத் தெரியாது. ஆதலின் நாடாவைப் படிக்கும் தொடக்க நிரலை மனிதரே விசைகளால் சொல் சொல்லாக உள்ளே இட்டனர். அது பதினாறு சொற்களே கொண்ட சிறு நிரல். அதன் முதல் நான்கு சொற்களின் இரும வடிவம் இது:

```
110000011010
110000011001
101011101111
110000011110
```

இப்பட்டியலை உரக்கப் படித்து மற்றொருவரை எழுதச் சொல்லிப் பாருங்கள். எத்தனையாவது சுழியத்தில் நிற்கிறோம் என்பது இரண்டாம் வரிக்குள் மறந்துவிடும். முதல் இரு வரிகளும் கடைசி இரண்டு இலக்கங்களில் மட்டுமே வேறுபடுகின்றன. கண் அதை எளிதில் தவறவிடும். எனவே அந்நிரலைப் பயன்படுத்தியோர் இந்த வடிவில் அதை எழுதவில்லை. வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் ஓர் இலக்கம் இட்டு எழுதினர்:

```
110 000 011 010   6032
110 000 011 001   6031
101 011 101 111   5357
110 000 011 110   6036
```

ஒரு கூறில் உள்ள மூன்று இடங்களின் மதிப்பு இடமிருந்து நான்கு, இரண்டு, ஒன்று. முதல் வரியின் 110 என்பதில் நான்கும் இரண்டும் சேர ஆறு. அடுத்த 000 சுழியம். 011 என்பது மூன்று. 010 என்பது இரண்டு. கூறு எதுவாயினும் மதிப்பு சுழியத்துக்கும் ஏழுக்கும் இடையில்தான் அமையும். எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ம முறைக்கு வேண்டிய இலக்கங்களும் அவையே.

இதைக் குறுக்குவழி என்று பாடநூல்கள் கூறும்போது, ஏன் செல்லுபடியாகிறது என்பதை விளக்காமல் கடந்துவிடுகின்றன. நெடுவழியை ஒருமுறை நடந்து பார்ப்போம். 110000011010 என்பதில் ஒன்று நிற்கும் இடங்களின் மதிப்புகள் 2048, 1024, 16, 8, 2. கூட்டினால் 3098. இதை எட்டால் வகுத்தால் ஈவு 387, மீதி 2. ஈவை மீண்டும் வகுக்க 48, மீதி 3. மீண்டும் வகுக்க 6, மீதி 0. எஞ்சிய 6-ஐ முன்வைத்து மீதிகளைக் கடைசியிலிருந்து எழுத 6032 கிடைக்கிறது. விடை ஒன்றே, ஆனால் இடையே பதின்ம முறைக்குள் போய்த் திரும்பிய உழைப்பு முழுவதும் வீண்.

இரண்டின் மூன்றாம் அடுக்கு எட்டு என்பதே இதற்கு அடிப்படை. முதற்கூறின் இரண்டு ஒன்றுகளும் தரும் 2048, 1024 இரண்டையும் 512-ஆல் வகுத்தால் நான்கும் இரண்டும் வருகின்றன. அந்த 512 எட்டின் மூன்றாம் அடுக்கு. எண்ம முறையில் வலமிருந்து நான்காம் இடத்தின் மதிப்பு. ஒவ்வொரு கூறிலும் இவ்வாறு எட்டின் ஓர் அடுக்கு பொதுக்காரணியாக வெளியே வந்துவிடுகிறது; உள்ளே நான்கு, இரண்டு, ஒன்று மட்டும் எஞ்சுகின்றன. ஒரு கூறிலிருந்து அடுத்த கூறுக்கு எதுவும் தாவுவதில்லை. பத்து என்பது இரண்டின் எந்த முழு எண்ணடுக்காகவும் அமையாதது. ஆதலால் பதின்ம முறைக்கு இந்த வசதி இல்லை. முதல் வரியின் இடக்கோடி இலக்கத்தைச் சுழியமாக்கினால் எண்ம வடிவம் 6032-இலிருந்து 2032 ஆகிறது; ஓர் இலக்கம் மட்டுமே மாறுகிறது. பதின்ம வடிவமோ 3098-இலிருந்து 1050 ஆகி, மூன்று இலக்கங்கள் மாறிவிடுகின்றன.

பிரிப்பது வலப்புறத்திலிருந்து என்பது வழக்கத்துக்காகச் சொன்னதன்று. பன்னிரண்டு மூன்றால் மீதியின்றி வகுபடுவதால் மேற்கண்ட பட்டியலில் எப்பக்கம் தொடங்கினும் ஒன்றே. 1011101 என்னும் ஏழிலக்க எண்ணை எடுத்துக்கொண்டால் வேற்றுமை புலப்படும். வலமிருந்து பிரித்தால் 1, 011, 101. இடப்புறத்து ஒற்றை இலக்கத்துக்கு முன் இரு சுழியம் சேர்த்தால் 135. அதன் மதிப்பு 93. மூல எண்ணின் மதிப்பும் அதுவே. இடமிருந்து பிரித்தால் 101, 110, 1 என்று வந்து, விடை 561 ஆகிவிடும். அது 369-ஐக் குறிக்கும் வேறோர் எண். இலட்சங்களை எழுதும்போது காற்புள்ளியை வலக்கோடியிலிருந்து எண்ணி இடுகிறோமே, அதே ஒழுங்கு இங்கும். பின்னம் இருந்தால் புள்ளியே தொடக்கம்: புள்ளியின் இடப்புறம் இடநோக்கியும், வலப்புறம் வலநோக்கியும் பிரிக்க வேண்டும். 1011.01 என்பது 001 011 . 010 ஆகி 13.2 என்று முடியும். பின்னப் பகுதியில் நிரப்புச் சுழியம் வலப்புறம் சேர்கிறது என்பதைக் கவனிக்க.

ஒற்றை எண்ணை மாற்றுவதைவிடப் பட்டியலை மாற்றுவதில் ஒரு கவனம் கூடுதலாக வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் தனி எண். ஒன்றின் வால் அடுத்ததன் தலையோடு ஒட்டக் கூடாது. வரிகளின் நீளம் வேறுபட்டால், எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குச் சுழியமிட்டு நிரப்பிய பின்னரே பிரித்தல் நன்று. பன்னிரண்டு இலக்கச் சொற்களிடையே 11010 என்று முன்சுழியங்கள் உதிர்ந்த ஒரு வரி வருமாயின், 32 என்று விடாமல் 0032 என்றே எழுத வேண்டும். எண்ணின் மதிப்பு மாறாதுதான். ஆயினும் நான்கு இலக்கத் தூணில் இரண்டே இலக்கம் நின்றால், படியெடுத்தபோது விடுபட்டதா, உண்மையிலேயே சிறிய எண்ணா என்ற ஐயம் படிப்பவருக்கு எழும்.

எண்ம வடிவத்தின் பயன் எழுதும் சுருக்கத்தோடு நிற்பதன்று. பி.டி.பி-8-இல் ஒவ்வொரு கட்டளைச் சொல்லின் முதல் மூன்று இரும இலக்கங்களே கட்டளையின் வகையைக் குறித்தன. எனவே எண்ம வடிவின் முதல் இலக்கத்தைக் கண்டதும் வகை தெரிந்துவிடும். ஆறு என்றால் உள்ளீட்டு வெளியீட்டுக் கட்டளை. ஐந்து என்றால் வேறிடம் தாவும் கட்டளை. 6032 என்பதில் நடுவிலுள்ள 03 தொலைத்தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையையும் நாடாப் படிப்பியையும் குறிக்கும் கருவி எண். கடைசி 2 அக்கருவி செய்ய வேண்டிய செயல்: படிப்பியின் அறிவிப்புக் குறியை அழித்து அடுத்த எழுத்துக்கு ஆயத்தமாகுதல். 6031 என்பது எழுத்து வந்துவிட்டதா என்று பார்த்து, வந்திருந்தால் அடுத்த கட்டளையைத் தாண்டிச் செல்லும். வராதிருந்தால் 5357 பொறியை மீண்டும் 6031-க்கே திருப்பி அனுப்பும். எழுத்து வந்தபின் 6036 அதை உள்ளே வாங்கும். நான்கு வரிகளில் ஒரு காத்திருப்புச் சுழற்சி அமைந்துவிட்டது. எண்ம வடிவில் பழகிய கண்ணுக்கு இது நேரே படிக்கக்கூடியது.

ஆனால் 5357-ஐ அவ்வாறே இலக்கம் இலக்கமாகப் படிக்க முயன்றால் இடறும். தாவற் கட்டளையில் முதல் மூன்று இரும இலக்கங்களுக்குப் பின் மறைமுகக் குறி ஒன்று, பக்கக் குறி ஒன்று, அவற்றின் பின் ஏழிலக்க இடக்குறிப்பு. ஏழு மூன்றால் வகுபடாது. ஆகவே இரண்டாம் எண்ம இலக்கமாகிய 3, அதாவது 011, மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது: 0 மறைமுகம் அன்று; 1 இதே பக்கம்; கடைசி 1 இடக்குறிப்பின் தலை இலக்கம். இடக்குறிப்பை மட்டும் பிரித்தெடுத்தால் 1 101 111, எண்மத்தில் 157. இந்நிரல் அமர்ந்திருக்கும் பக்கம் 7600-இல் தொடங்குவதால் தாவுமிடம் 7757. அங்கேதான் 6031 இருக்கிறது. கூறுகளின் எல்லையும் பொருளின் எல்லையும் ஒன்றாத இடத்தில் எண்ம இலக்கத்தை மீண்டும் இருமமாக விரித்துத்தான் ஆக வேண்டும்.

மாற்றியதில் பிழை உண்டா என்று அறியச் சில அடையாளங்கள் உள. விடையில் எட்டோ ஒன்பதோ தோன்றுமாயின் பிழை உறுதி. மூல எண் ஒன்றில் முடிந்தால் எண்ம எண் ஒற்றைப்படை. சுழியத்தில் முடிந்தால் இரட்டைப்படை. எட்டிலக்க எண்ணின் எண்ம வடிவில் முதல் இலக்கம் மூன்றைத் தாண்டாது. இடக்கோடிக் கூறில் இரண்டு இலக்கங்களே எஞ்சுவதால் இவ்வாறு அமைகிறது. இவை எவற்றிலும் சிக்காத பிழை ஒன்றுண்டு: கூறுகளைச் சரியாகப் பிரித்துவிட்டு, கூறின் உள்ளே வலமிடமாகப் படித்தல். 0, 2, 5, 7 ஆகிய நான்கும் இருபுறமும் ஒரே வடிவின. அவற்றில் இப்பிழை நேர்ந்தாலும் தெரியாது. ஆனால் 1 நான்காகவும், 3 ஆறாகவும் இடம் மாறிவிடும். விடையில் ஒன்றும் நான்கும், மூன்றும் ஆறும் மட்டுமே தம்முள் இடம் மாறியிருக்கக் கண்டால், காரணம் இதுவென ஐயமின்றிக் கொள்ளலாம்.

மும்மூன்றாகப் பிரிப்பதன் பொற்காலம் சொற்களின் நீளம் பன்னிரண்டு, பதினெட்டு, முப்பத்தாறு என மூன்றின் மடங்குகளாய் இருந்த காலம். 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360 எட்டிலக்கப் பைட்டை அடிப்படையாகக் கொண்டது. அங்கே நந்நான்காகப் பிரிக்கும் பதினறும முறையே பொருந்தியது. டிஜிட்டல் நிறுவனம் 1970-இல் பதினாறிலக்கப் பி.டி.பி-11-ஐ வெளியிட்டபின்னும் எண்மத்தை விடவில்லை. அதன் விளைவை யூனிக்ஸ் இன்றும் சுமக்கிறது. B என்னும் எழுத்தின் இரும வடிவம் 01000010, எண்மத்தில் 102. C என்பது 01000011, எண்மத்தில் 103. இரு பைட்டுகளையும் ஒரே சொல்லாக இணைத்துப் பிரித்தால் நிகழ்வது இது:

```
$ printf 'BC' | od
0000000 041502
0000002
$ printf 'BC' | od -b
0000000 102 103
0000002
```

முதல் விடையில் 102-உம் காணவில்லை, 103-உம் காணவில்லை. இன்றைய மேசைக் கணினிகளில் முதற்பைட்டு சொல்லின் தாழ்ந்த பாதியாக அமர்வதால் C முன்னும் B பின்னுமாக 0 100 001 101 000 010 என்று பிரிகிறது. இதில் 101 என்னும் நடுக்கூறின் தலை இலக்கம் C-க்கு உரியது. மற்ற இரண்டும் B-க்கு உரியவை. கணக்கு பிழையன்று, பட்டியலின் எல்லையைத் தாண்டிக் கட்டியதே குற்றம். பைட்டுகளின் பட்டியலை எண்மத்தில் காண விரும்புவோர் `od` கட்டளையை வெறுமனே இடாமல் `od -b` என்றே இடுக.