முதலில் ஐந்து சதவீதம் பேருக்கு

ஃபீச்சர் ஃபிளாக் என்பது மென்பொருளின் ஒரு புதிய பகுதியை, நிரலை மறுபடி நிறுவாமலே திறக்கவும் மூடவும் உதவும் சுவிட்ச். ஓர் இணையக் கடை பணம் செலுத்தும் பக்கத்தை மாற்றுகிறது என்று கொள்வோம். புதிய நிரல் எல்லா சர்வர்களிலும் ஏறிவிட்டது. ஆனால் முதலில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் அது தெரிய வேண்டும்.

அந்த ஐந்து பேரைக் குலுக்கல் முறையில் எடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் குலுக்கினால், ஒரே வாடிக்கையாளருக்கு இப்போது புதிய பக்கமும் அடுத்த நிமிடம் பழைய பக்கமும் வரும். எனவே ஃபிளாக்கின் பெயரையும் வாடிக்கையாளர் எண்ணையும் சேர்த்து, `new-checkout:u-1842` என்று ஹாஷ் கணக்கில் இடுகிறார்கள். வரும் பெரிய எண்ணை 10,000-ஆல் வகுக்க, மீதி 1,730 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சதவீதம் என்றால் 500-க்குக் கீழே உள்ளவர்கள். இவர் அதில் இல்லை. இருபது சதவீதமாக உயர்த்தினால் எல்லை 2,000. இவர் உள்ளே வருகிறார், முன்பே வந்தவர்களும் வெளியேறுவதில்லை. எங்கும் எதையும் எழுதி வைக்காமலே எந்த சர்வர் கணக்கிட்டாலும் விடை ஒன்றுதான். ஃபிளாக்கின் பெயரைச் சேர்க்காவிட்டால், எல்லாச் சோதனைகளிலும் அதே ஐந்து சதவீதத்தினரே முதலில் அகப்பட்டுக்கொள்வார்கள்.

சதவீதத்துக்கு முன் விதிகள் வரும்: நிறுவன ஊழியர் என்றால் திற, பழைய செயலி என்றால் மூடு, மற்றவர்களுக்குச் சதவீதம். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு. இந்த வரிசையில், பழைய செயலி வைத்திருக்கும் ஊழியருக்குப் புதிய பக்கம் திறந்து, அது செயலியில் ஓடாமல் போகும். முதல் இரண்டு விதிகளையும் இடம் மாற்றுவதே சரி.

ஒரு பக்கத்தில் முப்பது ஃபிளாக்குகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மைய சேவையிடம் கேட்டால் பக்கம் தவழும். அதனால் விதிகள் முழுவதையும் ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. தீர்ப்பு அங்கேயே, மைக்ரோ விநாடிகளில் முடிகிறது. மையம் மாற்றங்களை மட்டும் அனுப்பும். மையம் விழுந்தாலும் கடைசி நகல் வேலை செய்யும். நகலே இல்லாமல் புதிதாக எழும் சர்வருக்காக, பழைய பக்கத்தையே காட்டும் இயல்பு மதிப்பு நிரலில் இருக்க வேண்டும். இதற்கு விலையும் உண்டு: மாற்றம் எல்லா சர்வர்களையும் எட்டும்வரை சில விநாடிகள் இரண்டு விதமான விடைகள் புழங்கும்.

அடிக்கடி நேரும் பிழை, உள்நுழையும் முன் குக்கி எண்ணையும் பிறகு வாடிக்கையாளர் எண்ணையும் பயன்படுத்துவது. எண் மாறினால் மீதியும் மாறும். பாதி வழியில் பக்கம் மாறிவிடும். ஒருவரின் ஒரே வருகையில் இரண்டு விடைகளும் பதிவாகியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பழைய ஃபிளாக்கை வேறு வேலைக்கு மறுபடி எடுப்பது அதைவிட ஆபத்து. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல் அப்படிச் செய்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அங்கே அந்த ஃபிளாக் கைவிடப்பட்ட பழைய நிரலை எழுப்பியது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று.