பிரசவம் முடிந்த முதல் மணி நேரம்: ஒரு செவிலியர் அட்டை

குழந்தை பிறந்தாயிற்று, நஞ்சுக்கொடியும் வந்தாயிற்று. இருபது நிமிடம் கழித்துத் தாய், "தாகமா இருக்கு சிஸ்டர், கண்ணு இருட்டுது" என்கிறார். ரத்த அழுத்தம் 110/70. இதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இளம் உடல் ரத்தம் இழந்தாலும் அழுத்தத்தைக் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கும். முதலில் ஏறுவது நாடி. இந்தத் தாய்க்கு நாடி 114.

படி 1: அளந்து பார். கண்ணளவு பெரும்பாலும் குறைத்தே சொல்லும். அதனால் இடுப்புக்குக் கீழே அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் பை விரிக்கிறார்கள். இவருக்குப் பையில் 350 மில்லி. முன்பெல்லாம் 500 மில்லி வரும்வரை காத்திருந்தார்கள். 300 மில்லியைத் தாண்டி, நாடியோ அழுத்தமோ பிசகினாலே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 வழிகாட்டுதல். ஆகவே, இப்போதே தொடங்க வேண்டும்.

படி 2: தாயை விட்டு நகராமல் உதவிக்குக் குரல் கொடு, வயிற்றில் கை வை. கர்ப்பப்பை கிரிக்கெட் பந்துபோல் கெட்டியாக இருக்க வேண்டும். இவருக்குக் களிமண்போல் தொளதொளவென்று, தொப்புளுக்கு மேலே, வலப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. சாய்வைப் பார்த்ததும் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நிறைந்த பை கர்ப்பப்பையைச் சுருங்க விடாது. கெட்டியாகும்வரை தேய்த்துவிட வேண்டும், கட்டிகளை வெளியேற்ற வேண்டும், குழாய் போட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும்.

படி 3: மருந்து. ஒருவர் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் இரண்டு தடித்த ஊசிக்குழாய்கள் போட்டு, ரத்த வகை பார்க்க மாதிரி எடுத்து, சலைனில் ஆக்சிடோசின் ஏற்றுவார். அதை நரம்பில் ஒரே மூச்சில் செலுத்தினால் அழுத்தம் சரிந்துவிடும். கூடவே டிரானெக்ஸமிக் அமிலம் 1 கிராம், நரம்பு வழியாக, 10 நிமிடத்தில் மெதுவாக. பிரசவமாகி 3 மணி நேரம் கடந்தால் இதில் பலன் எதிர்பார்க்க முடியாது. ஒன்று பலிக்கிறதா என்று பார்த்து அடுத்ததைத் தொடுவதல்ல, எல்லாம் ஒருசேர. ஆப்பிரிக்காவின் 4 நாடுகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், பையால் அளந்து இப்படிச் சேர்த்துச் செய்த மருத்துவமனைகளில் கடுமையான பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்தன.

படி 4: கர்ப்பப்பை கெட்டியான பிறகும் சிவப்பாக ஒழுகுகிறதா? அப்படியானால் கிழிசலைத் தேடு. நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்து, துண்டு ஏதும் குறைகிறதா பார். வெளிவந்த ரத்தம் உறையவே இல்லை என்றால் உறைதல் கோளாறு. எப்படியானாலும் மருத்துவரும் ரத்தமும் வந்துசேர வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் வழியெல்லாம் இரு கைகளாலும் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தபடி செல்ல வேண்டும்.

இவருக்குச் சிறுநீர் போனதும் கர்ப்பப்பை இறுகியது, ஒழுக்கு நின்றது. அடுத்த 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, அழுத்தம், வயிறு பார்க்க வேண்டும். போர்வையை விலக்காமல் 'ரத்தப்போக்கு இயல்பு' என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள்; முதுகுக்கடியில் தேங்கும் ரத்தம் மேலிருந்து பார்த்தால் தெரியாது.