பேட்டிக்குள் நுழைந்த மூன்றாவது குரல்

கோயம்பேடு சந்தை வாசலில் பூ விற்கும் ஒரு பெண்ணிடம், "மழை பெய்தா வியாபாரம் எப்படிக்கா?" என்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் 40 நொடி பேசுகிறார். பின்னால் நிற்கும் ஒருவர் அதே நேரத்தில் கைபேசியில் யாரிடமோ பணம் அனுப்பச் சொல்லி, தன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக உரக்கச் சொல்கிறார். பேட்டி அருமையாக வந்திருக்கிறது. அந்த எண்ணை மட்டும் ஊரறிய வெளியிட முடியாது.

எடிட்டிங் மேசைக்கு வந்ததும் பலரும் முதலில் தொடுவது இரைச்சல் நீக்கும் வசதியை. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலும் அது இருக்கிறது. இரைச்சல் மட்டும் கேட்கும் ஒரு துண்டை மாதிரியாகக் காட்டினால், அதைப் போன்ற ஒலியைப் பதிவு முழுவதிலும் குறைத்துவிடும். மின்விசிறிக்கும் ஜெனரேட்டருக்கும் இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அவை ஒரே சீராக ஒலிப்பவை. பேச்சோ நொடிக்கு நொடி மாறுவது. அதற்கு மாதிரி எடுக்க முடியாது. ஈக்வலைசரும் உதவாது. இருவர் பேச்சும் ஒரே அதிர்வெண் பரப்பில்தான் இருக்கிறது; அவரை வெட்டினால் அக்காவின் குரலும் சேர்ந்து போய்விடும்.

நேரில் நின்றிருந்தால் அவர் பேச்சு நம்மை இவ்வளவு தொந்தரவு செய்திருக்காது. கூட்டத்தில் ஒருவர் பேச்சை மட்டும் நாம் எப்படிப் பிரித்துக் கேட்கிறோம் என்பதை ஆங்கில அறிவியலாளர் காலின் செர்ரி 1953இல் ஆராய்ந்து எழுதினார். இரண்டு காதுகளும் குரல் வரும் திசையைச் சொல்லி நமக்கு உதவுகின்றன. ஒரே மைக்கில் பதிந்த ஒலியில் அந்தத் திசை கிடையாது. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, காலர் மைக், கேமரா மைக் என்று இரண்டில் பதிவாகியிருக்கிறதா என்பதுதான். இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, அந்த ஆள் மெலிதாகக் கேட்கும் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டாலே பாதித் தலைவலி தீர்ந்துவிடும்.

ஒரே மைக்தான் என்றால் ஒலியைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படத்தில் நேரம் இடமிருந்து வலமாகவும், அதிர்வெண் கீழிருந்து மேலாகவும் ஓடும். குரல் அதில் அடுக்கடுக்கான கோடுகளாகத் தெரியும். அக்கா பேசி நிறுத்தும் இடைவெளிகளை முதலில் தேடுங்கள். அங்கே பின்குரல் மட்டும் இருக்கும். அந்தத் துண்டுகளை நீக்கி, அதே பதிவில் யாரும் பேசாத இடத்திலிருந்து எடுத்த சந்தைச் சத்தத்தை வைத்து, ஓரங்களைச் சில மில்லிநொடிகளுக்கு ஒன்றோடொன்று கலக்க விட வேண்டும். வெறும் நிசப்தத்தை வைத்தால் ஒட்டுப்போட்டது உடனே தெரிந்துவிடும். என் கணிப்பில் வேலையின் பெரும்பகுதி இதோடு முடிந்துவிடுகிறது. இடைவெளியில் எண்ணின் பாதி காணாமல் போனாலே, மிச்சத்தை வைத்து யாரும் அழைக்க முடியாது.

இருவரும் சேர்ந்து பேசும் இடம்தான் கடினம். அக்காவின் சுருதி 200 ஹெர்ட்ஸ் என்றால் அவர் கோடுகள் 200, 400, 600 என்று ஏறும். அந்த ஆளின் சுருதி 120 என்றால் 120, 240, 360, 480, 600. முதல் நான்கு கோடுகளையும் தனியே தெரிவுசெய்து 10 டெசிபெல் வரை குறைக்கலாம். 600இல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அங்கே கை வைத்தால் அக்காவின் குரல் அடிபடும். உண்மையில் சுருதிகள் ஏறி இறங்குவதால் மோதும் இடங்களும் மாறிக்கொண்டே இருக்கும். ச, ஸ போன்ற ஒலிகளுக்கு இப்படிக் கோடே கிடையாது. மேலே புகைபோலப் பரவியிருக்கும், தனியே பிரிக்க முடியாது.

ஆகவே குறி, குரலை அழிப்பதல்ல. சொற்களைப் புரியாமல் செய்வது. கேட்பவரின் கவனத்தை இழுப்பது பின்னால் வரும் ஒலியைவிட அதன் பொருள்தான். கோடுகளைத் தாழ்த்தி, மேலே கொஞ்சம் சந்தை இரைச்சலைச் சேர்த்தால், அது கூட்டத்தில் கரைந்த முணுமுணுப்பாகிவிடும். அளவு மீறினால் அக்காவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குமிழியிடும். அது கேட்டவுடன் இரண்டு படி பின்வாங்குங்கள். ஹெட்போனிலும் கைபேசி ஸ்பீக்கரிலும் கேட்டுப்பார்த்து, எண்ணைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவரால் எழுத முடிந்தால், அந்த வாக்கியத்தையே வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் பூக்கூடையின் காட்சியை வைப்பதுதான் ஒரே வழி. வெட்டிய பின்னும் அக்கா சொன்ன பொருள் மாறாமல் இருக்க வேண்டும்.

இத்தனை பாட்டையும் மைக்கை அருகே கொண்டுபோவதால் பெரும்பாலும் தவிர்க்கலாம். அக்காவின் வாயிலிருந்து 80 செ.மீ. தள்ளியிருக்கும் மைக்கை 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் அவர் குரல் சுமார் 12 டெசிபெல் உயரும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பேட்டி முடிந்ததும் அதே இடத்தில், மைக்கை அதே திசையில் பிடித்து, வெறும் சந்தைச் சத்தத்தை அரை நிமிடம் பதிந்துகொள்ள வேண்டும். ஒட்டுப்போட நல்ல துணி அதுதான்.