மூன்று கம்ப்ரஸர், ஒரே குறை

சென்னையில் புதிதாகக் கட்டிய ஒரு மருத்துவமனையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அடித்தளத்தில் 300 டன் திறனுள்ள ஒரு சில்லர் ஓடுகிறது. தண்ணீரை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் குளிர்வித்து மாடிகளுக்கு அனுப்புவது அதன் வேலை. அந்தத் தண்ணீர்தான் ஆபரேஷன் தியேட்டரையும் வார்டுகளையும் குளிர வைக்கிறது. சில்லரில் இரண்டு கம்ப்ரஸர்கள் உள்ளன. கட்டடத்தை ஒப்படைத்த நாள் 2024 ஏப்ரல் 1. அன்றிலிருந்து 12 மாதங்கள் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். தளத்தில் இதை டி.எல்.பி. என்பார்கள். இந்தக் காலத்துக்குள் வேலையில் ஏதேனும் குறை தெரிந்தால், அதைத் தன் செலவில் சரிசெய்து தருவது ஒப்பந்ததாரரின் கடமை.

ஆகஸ்ட் 18 அன்று இரண்டாம் எண் கம்ப்ரஸர் நின்றுபோனது. மோட்டார் வைண்டிங் எரிந்திருந்தது. செப்டம்பர் 2-ல் ஒப்பந்ததாரர் புதிய கம்ப்ரஸரைப் பொருத்தினார். டிசம்பர் 9 அன்று அதுவும் எரிந்தது. டிசம்பர் 20-ல் இன்னொன்று வந்தது. 2025 பிப்ரவரி 20 அன்று அதுவும் போனது. ஒவ்வொரு முறையும் மருத்துவமனைப் பொறியாளர் தொலைபேசியில் சொன்னார், ஆட்கள் வந்தார்கள், மாற்றினார்கள், சர்வீஸ் ரிப்போர்ட்டில் ‘வேலை முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

காகிதத்தைப் பார்த்தால் மூன்று குறைகள் வந்தன, அவற்றில் இரண்டு தீர்ந்துவிட்டன. உண்மையில் ஒரே ஒரு குறைதான் இருக்கிறது, அது இன்னும் தீரவில்லை. அந்த உண்மையை ஒப்பந்தத்தின் கணக்கில் ஏற்றுவதற்குத்தான் குறைபாட்டு அறிவிப்புக் கடிதம். டி.எல்.பி. முடிய இன்னும் சில வாரங்களே இருக்கும்போது இந்தக் கடிதம் சரியாக எழுதப்படாவிட்டால், நான்காவது கம்ப்ரஸருக்கான பணம் மருத்துவமனையின் பையிலிருந்தே போகக்கூடும்.

கம்ப்ரஸர் ஏன் திரும்பத் திரும்ப எரிகிறது?

நல்ல கம்ப்ரஸர் பல ஆண்டுகள் ஓடும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து மூன்று போனால், பழியைக் கம்ப்ரஸர் மேல் போடுவதற்கு முன் அதைச் சுற்றியிருப்பதைப் பார்க்க வேண்டும். எரிந்த கம்ப்ரஸர் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும் கோளாறுக்குப் பலியானதாகத்தான் இருக்கும்.

இத்தகைய கம்ப்ரஸர்களில் மோட்டாரும் கேஸும் ஆயிலும் ஒரே மூடிய உடலுக்குள் இருக்கின்றன. வைண்டிங் எரியும்போது அந்தச் சூட்டில் கேஸும் ஆயிலும் சிதைந்து அமிலம் உண்டாகிறது. எரிந்த கம்ப்ரஸரைக் கழற்றிவிட்டாலும் அமிலம் குழாய்களிலும் ஆயிலிலும் தங்கிவிடுகிறது. புதிய கம்ப்ரஸரைப் பொருத்தி ஓட்டினால் அந்த அமிலம் புதிய வைண்டிங்கின் மேல்பூச்சை அரிக்கத் தொடங்கும். அதனால்தான் எரிந்த கம்ப்ரஸரை மாற்றும்போது ஆயிலை எடுத்து அமிலச் சோதனை செய்ய வேண்டும், பழைய ஆயிலை முழுதும் அகற்ற வேண்டும், ஃபில்டர் டிரையரை மாற்ற வேண்டும், சில நாட்கள் ஓடிய பிறகு மீண்டும் சோதிக்க வேண்டும். ஆயில் கருத்துப்போய், நெடியடித்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

நம் உதாரணத்தில் நாட்களை எண்ணிப் பார்க்கலாம். முதல் கம்ப்ரஸர் ஒப்படைத்த நாளிலிருந்து 139 நாள் ஓடியது. இரண்டாவது 98 நாள். மூன்றாவது 62 நாள். இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. மின்சாரத்திலோ தண்ணீரிலோ எப்போதாவது வரும் கோளாறு என்றால் இப்படி ஒழுங்காகச் சுருங்க வேண்டிய அவசியமில்லை. முந்தைய எரிப்பின் எச்சம் உள்ளேயே தங்கி ஒவ்வொரு முறையும் கூடுகிறதோ என்ற சந்தேகம் இங்கே நியாயமானது. இரண்டு சர்வீஸ் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் பார்த்தால் அமிலச் சோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. டிரையர் மாற்றிய குறிப்பும் இல்லை.

ஆனாலும் இது சந்தேகம்தான். முதல் கம்ப்ரஸர் ஏன் எரிந்தது என்ற கேள்விக்கு இது பதில் சொல்வதில்லை.

கடிதத்துக்கு முன் தன் பக்கத்தைப் பார்க்க வேண்டும்

கடிதம் கிடைத்ததும் ஒப்பந்ததாரர் சொல்லக்கூடிய பதில்கள் தெரிந்தவைதான்: ‘உங்கள் மின்சாரம் சரியில்லை’, ‘கூலிங் டவர் தண்ணீரை நீங்கள் பராமரிக்கவில்லை’. இவை சில சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆகவே கடிதம் போகும் முன் உரிமையாளர் இவற்றைத் தானே சோதித்துவிட வேண்டும்.

மின்சாரத்தைச் சோதிப்பது எளிது. மூன்று பேஸ்களுக்கு இடையிலான வோல்டேஜை அளந்து சராசரி காண வேண்டும். சராசரியிலிருந்து அதிகம் விலகியிருக்கும் அளவு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். நம் மருத்துவமனையில் 416, 412, 411 என்று வந்தது. சராசரி 413, அதிக விலகல் 3 வோல்ட், அதாவது 0.7 சதவீதம். இதில் கவலையில்லை. இதுவே 415, 403, 397 என்று வந்திருந்தால் விலகல் ஏறத்தாழ 2.5 சதவீதம். மோட்டாரின் சூடு அந்தச் சதவீதத்தின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு சதவீதம் கூடும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. அப்படியானால் சுமார் 12 சதவீதம் கூடுதல் சூடு. அந்த நிலையில் உரிமையாளர் முதலில் தன் மின் இணைப்பைத்தான் சரிசெய்ய வேண்டும்.

லாக் புக்கும் அதே அளவு முக்கியம். தண்ணீரின் வெப்பநிலை, கேஸின் அழுத்தம், ஆம்பியர் ஆகியவை மணிக்கு மணி பதிவாகியிருக்க வேண்டும். சில்லரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அலாரம் வரலாறு சேமிக்கப்பட்டிருக்கும். அடுத்த கம்ப்ரஸரைப் பொருத்த வருபவர் எதையும் தொடும் முன் அதைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்

‘கம்ப்ரஸர் மறுபடியும் போய்விட்டது, தயவுசெய்து உடனே மாற்றித் தரவும்’ என்று எழுதுவது பெரிய தவறு. கேட்டபடியே ஒரு கம்ப்ரஸர் வரும். அத்துடன் கடிதத்தின் கோரிக்கை நிறைவேறிவிடும், குறை அப்படியே இருக்கும்.

‘உங்கள் ஆட்கள் அமிலத்தைச் சுத்தம் செய்யாததால்தான் எரிந்தது’ என்று அடித்து எழுதுவதும் தவறு. நாளை வேறு காரணம் தெரியவந்தால் கடிதமே பலவீனமாகிவிடும். கண்ணால் கண்டதை உறுதியாகச் சொல்ல வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பை ஒப்பந்ததாரரிடம் விட வேண்டும். பிப்ரவரி 21 அன்று அனுப்பும் கடிதத்தின் உடற்பகுதி இப்படி அமையலாம்:

“மேற்கண்ட ஒப்பந்தத்தின் குறைபாட்டுப் பொறுப்புப் பிரிவின் கீழ் இந்த அறிவிப்பைத் தருகிறோம். தாங்கள் நிறுவிய சில்லரின் இரண்டாம் எண் கம்ப்ரஸர் 18.8.2024, 9.12.2024, 20.2.2025 ஆகிய நாட்களில் மூன்று முறை பழுதடைந்தது. மூன்று முறையும் மோட்டார் வைண்டிங் எரிந்திருந்தது. இவற்றைத் தனித்தனிப் பழுதுகளாக அல்லாமல், சில்லர் அமைப்பில் தொடர்ந்து இருந்துவரும் ஒரே குறையாகக் கருதுகிறோம். கம்ப்ரஸரை மாற்றியது இக்குறையைச் சரிசெய்ததாகாது.

“எங்கள் மின் அளவீடுகள், லாக் புக் பக்கங்கள், அலாரம் வரலாறு, தங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்டுகள் ஆகியவற்றை இணைத்துள்ளோம். அந்த ரிப்போர்ட்டுகளில் ஆயில் அமிலச் சோதனையோ, டிரையர் மாற்றமோ பதிவாகவில்லை.

“ஆகவே, (1) பழுதான கம்ப்ரஸரை முத்திரையிட்டு வைத்து, 7 நாட்களுக்குள் இரு தரப்பார் முன்னிலையில் பிரித்துப் பார்க்க வேண்டும், (2) 14 நாட்களுக்குள் மூல காரணத்தை எழுத்தில் தர வேண்டும், (3) காரணத்தை நீக்கும் வேலைத்திட்டத்தைத் தேதிகளுடன் தந்து, எங்கள் ஒப்புதலுக்குப் பின் நிறைவேற்ற வேண்டும், (4) அதுவரை வேண்டிய குளிர்விப்புக்குத் தாங்கள் செய்யும் தற்காலிக ஏற்பாட்டை 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும்.

“இத்தேதிகளுக்குள் செய்யத் தவறினால், ஒப்பந்தப்படி பிறரைக் கொண்டு செய்து செலவைத் தங்களிடம் வசூலிக்கும் உரிமையும், பொறுப்புக் காலத்தை நீட்டிக்கக் கோரும் உரிமையும் எங்களுக்கு உண்டு. மற்ற எல்லா உரிமைகளும் அப்படியே நிலைநிற்கின்றன.”

இந்த நான்கு கோரிக்கைகளில் முதலாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய கம்ப்ரஸரை லாரியில் ஏற்றிவிட்டால் சாட்சியமும் அதோடு போய்விடும். பிரித்துப் பார்த்தால் எரிந்த விதமே பேசும். மூன்று பேஸும் ஒரே மாதிரி கருகியிருந்தால் அதிகச் சுமை, அல்லது போதிய குளிர்ச்சி இல்லாதது போன்ற காரணங்களைத் தேடலாம். ஒரு பேஸ் மட்டும் கருகியிருந்தால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். பேரிங் ஆயிலின்றித் தேய்ந்திருந்தால், கேஸ் திரவமாகவே உள்ளே வந்து ஆயிலைக் கழுவிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

தேதியும் முகவரியும்

கடிதத்தின் பலம் ஒப்பந்தப் பிரிவில்தான் இருக்கிறது. பெரிய திட்டங்களில் பரவலாகப் பயன்படும் ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின் 1999-ஆம் ஆண்டுப் பதிப்பைப் பாருங்கள். 11.8-ஆம் பிரிவு, பொறியாளர் கேட்டால் ஒப்பந்ததாரர் குறையின் காரணத்தைத் தேட வேண்டும் என்கிறது. 11.4, தேதி குறித்தும் செய்யாவிட்டால் பிறரைக் கொண்டு செய்யலாம் என்கிறது. 11.3, முக்கிய இயந்திரம் ஒன்று குறையால் பயன்படாமல் போனால் பொறுப்புக் காலத்தை நீட்டிக்கலாம் என்கிறது. அந்த நீட்டிப்பு இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதைக் கோரும் அறிவிப்பைக் காலம் முடியும் முன்பே கொடுத்துவிட வேண்டும். நம் மருத்துவமனைக்கு மார்ச் 31-தான் கடைசி நாள். பிப்ரவரி 21-ல் எழுதினால் 38 நாள் மிச்சம் இருக்கிறது. ஏப்ரல் 2-ல் எழுதினால் அந்தக் கதவு மூடியிருக்கும். உங்கள் ஒப்பந்தம் வேறு படிவத்தில் இருந்தால் அதன் பிரிவுகளைத்தான் காட்ட வேண்டும்.

பொறுமையிழந்து, அறிவிப்பே கொடுக்காமல் வெளியாளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுவதும் ஆபத்து. 1999-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கைத் தீர்த்தது. அறிவிப்புத் தராத உரிமையாளரும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் ஒப்பந்ததாரரே வந்து சரிசெய்திருந்தால் அவருக்கு ஆகியிருக்கக்கூடிய செலவுக்கு மேல் வசூலிக்க முடியாது என்றது. இந்தியாவிலும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, இழப்பைக் கணக்கிடும்போது அதைத் தவிர்க்க இருந்த வழிகளையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது.

கடிதம் போக வேண்டியது ஒப்பந்ததாரருக்குத்தான். ‘கம்ப்ரஸர் தயாரித்த கம்பெனிக்கு எழுதுங்கள்’ என்று அவர் சொல்லலாம். கம்பெனியின் வாரண்டி அவர் வாங்கிய பொருளுக்கு. மருத்துவமனை ஒப்பந்தம் செய்திருப்பது அவரோடு. அறிவிப்பு அனுப்ப ஒப்பந்தத்தில் எந்த முகவரியும் எந்த வழியும் குறித்திருக்கிறதோ, அதே வழியில், கையெழுத்திட அதிகாரமுள்ளவர் பெயரில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் போன எரிந்த வைண்டிங்கின் படம் பேச்சுக்கு உதவும், அறிவிப்பாகாமல் போகலாம்.

நான்காவது கம்ப்ரஸரைப் பொருத்தும் நாளில் பொறியாளர் சர்வீஸ் ரிப்போர்ட்டில் மூன்று வரிகளைத் தேட வேண்டும்: ஆயில் அமிலச் சோதனை முடிவு, டிரையர் மாற்றிய தேதி, கண்டறிந்த மூல காரணம். அவை இல்லாமல் ‘வேலை முடிந்தது’ என்று மட்டும் இருந்தால், ‘கம்ப்ரஸர் பொருத்தப்பட்டது, குறை நிலுவையில் உள்ளது’ என்று தன் கையால் எழுதிவிட்டு, அதன் கீழே கையெழுத்திட வேண்டும்.